கூம்பின் சரிவும் வெட்டின் சரிவும்

ஆறு பட்டை உள்ள பென்சில் ஒன்றை ஷார்ப்னரில் சீவிவிட்டு, பெயின்ட் முடிந்து மரம் தொடங்கும் எல்லையைப் பாருங்கள். அந்த எல்லை பென்சிலைச் சுற்றி ஒரே நேராக ஓடாது. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் பெயின்ட் முனையை நோக்கி முன்னே வந்திருக்கும். இரண்டு பட்டைகள் சேரும் விளிம்பில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பின்னே போயிருக்கும். இப்படிப் பென்சிலைச் சுற்றி ஆறு வளைவுகள். மேல்நிலை வகுப்புக் கணக்கில் அதிபரவளையம் என்று ஒரு வளைவைப் படித்திருப்போமே, அதுதான் ஆறும். உருண்டைப் பென்சிலைச் சீவினால் இந்த ஏற்ற இறக்கம் இராது, எல்லை வட்டமாக இருக்கும்.

ஷார்ப்னர் பென்சிலின் நுனியைக் கூம்பாக்குகிறது. பட்டை ஒவ்வொன்றும் தட்டையான ஒரு தளம். கூம்பும் தளமும் சந்திக்கும் இடத்தில் பிறப்பதுதான் அந்த வளைவு. அப்படியென்றால் அது ஏன் அதிபரவளையமாக இருக்க வேண்டும்? நீள்வட்டமாகவோ பரவளையமாகவோ ஏன் இருக்கக்கூடாது? பாடப்புத்தகத்தில் ஒரு கூம்பை நான்கு விதமாக வெட்டிய படம் இருக்கும், நான்கு பெயரும் இருக்கும். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்தப் படத்துக்குள் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை நிதானமாகப் பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

உச்சி மேலே, அகலம் கீழே என்று ஒரு கூம்பை நிறுத்திக்கொள்வோம். உச்சியிலிருந்து நேர் கீழே இறங்கும் நடுக்கோடு அதன் அச்சு. உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் எந்தக் கோட்டை எடுத்தாலும் ஒரே சரிவுதான். இப்போது தட்டையான ஒரு வெட்டு. அதற்கும் ஒரு சரிவு உண்டு. இந்த இரண்டு சரிவுகளில் எது பெரிது என்பதுதான் கேள்வி, வேறொன்றும் இல்லை.

வெட்டுக்குச் சரிவே இல்லையென்றால், அதாவது படுக்கையாக வெட்டினால், வட்டம். வெட்டு சற்றே சாய்ந்திருக்கிறது, ஆனால் கூம்பின் பக்கத்தைவிட மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், அது என்றாவது ஒரு நாள் கூம்பின் மறுபக்கத்தைத் தொட்டு வெளியே வந்தே தீரும். மூடிய வளைவு கிடைக்கும். அது நீள்வட்டம். வெட்டும் பக்கமும் ஒரே சரிவில் இறங்கினால் இரண்டும் இணைகோடுகள். வெட்டு அந்தப் பக்கத்தை எட்டவே எட்டாது. வளைவு மூடாமல் கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அது பரவளையம். பக்கத்தைவிட வேகமாக இறங்கினால் வெட்டுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அது அதிபரவளையம்.

வெட்டை மேலே வைக்கிறோமா கீழே வைக்கிறோமா என்பது வளைவின் அளவைத்தான் மாற்றும், வகையை மாற்றாது. உச்சிப் புள்ளி வழியாகவே வெட்டினால் மட்டும் வளைவு சுருங்கி ஒரு புள்ளியாகவோ நேர்கோடாகவோ போய்விடும். பென்சிலின் பட்டை அச்சுக்கு இணையாக ஓடுகிறது, அதைவிடச் செங்குத்தான வெட்டு கிடையாது. கூம்பு எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் அதன் பக்கம் கொஞ்சமாவது சாய்ந்திருக்கும். எனவே பட்டைதான் எப்போதும் அதிகச் செங்குத்து. சீவிய பென்சிலில் வேறு வளைவு வர வழியில்லை.

இந்த வளைவுகளை முதலில் கண்டவர் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெனைக்மஸ் என்ற கிரேக்கரைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வெட்டைச் சாய்க்கவில்லை, கூம்பை மாற்றினார்கள். எப்போதும் கூம்பின் பக்கத்துக்குச் செங்குத்தாகவே வெட்டுவது. உச்சிக் கோணம் குறுங்கோணமாக இருந்தால் நீள்வட்டம், சரியாக 90 பாகையாக இருந்தால் பரவளையம், விரிகோணமாக இருந்தால் அதிபரவளையம். மூன்று வளைவுக்கு மூன்று கூம்புகள். ஒரே கூம்பு போதும், வெட்டின் சாய்வை மாற்றினாலே எல்லாம் கிடைக்கும் என்று முழுமையாகக் கட்டிக்காட்டியவர் அப்பொலோனியஸ். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த பெர்கா என்ற ஊர்க்காரர். கி.மு. 200ஐ ஒட்டி அவர் எழுதிய எட்டுப் பகுதி நூலில் முதல் நான்கு கிரேக்கத்திலும், அடுத்த மூன்று அரபு மொழிபெயர்ப்பிலும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எட்டாவது தொலைந்துபோனது.

இனி ஒரு சந்தேகம். சாய்வாக வெட்டினால் மூடிய வளைவு வருகிறது, சரி. ஆனால் கூம்பு மேலே குறுகல், கீழே அகலம். சாய்வான வெட்டின் மேல்முனை குறுகலான இடத்திலும் கீழ்முனை அகலமான இடத்திலும் இருக்கிறது. அப்படியானால் கிடைக்கும் வடிவமும் ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் பருத்து, முட்டை வடிவில் அல்லவா இருக்க வேண்டும்? நீள்வட்டமோ இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வளைவது.

இந்தச் சந்தேகம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், அளவையியல் பற்றி 1525இல் வெளியிட்ட நூலில் இதே வெட்டை வரைந்திருக்கிறார். பக்கத்தோற்றம், மேல்தோற்றம் இரண்டையும் வைத்து ஒவ்வொரு இடத்தின் அகலத்தையும் எடுத்து வரைகிறார். முறையில் தவறே இல்லை. ஆனாலும் அவர் படத்தில் உள்ள வளைவு கீழ்ப்பக்கம் பருத்த முட்டையாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகத் துல்லியமான கைகளில் ஒன்று, கூம்பு கீழே அகலம் என்ற எண்ணத்துக்கு இணங்கிப் போய்விட்டது.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எண்களை வைத்துப் பார்த்துவிடலாம். கணக்குச் சுலபமாக இருக்க, உச்சியிலிருந்து எத்தனை செ.மீ. இறங்குகிறோமோ அத்தனை செ.மீ. ஆரம் உள்ள கூம்பை எடுத்துக்கொள்வோம். 6 செ.மீ. இறங்கினால் அங்கே ஆரம் 6, 10 செ.மீ. இறங்கினால் ஆரம் 10. இதன் பக்கங்கள் 45 பாகையில் சரிகின்றன. வெட்டு, உச்சிக்கு 6 செ.மீ. கீழே அச்சைக் கடக்கட்டும். வலப்பக்கம் 2 செ.மீ. நகர்ந்தால் 1 செ.மீ. இறங்கும் சரிவு வைப்போம். கூம்பின் சரிவில் பாதி. இடப்பக்கம் போனால் அதே கணக்கில் ஏறும்.

வலப்பக்கம் 12 செ.மீ. போகும்போது வெட்டு 12 செ.மீ. ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அங்கே கூம்பின் ஆரமும் 12, எனவே அதுதான் கீழ்முனை. இடப்பக்கம் 4 செ.மீ. போனால் ஆழம் 4, ஆரம் 4, அது மேல்முனை. இந்த இரண்டு முனைகளுக்கும் நட்டநடு எங்கே? அச்சில் இல்லை! அச்சுக்கு வலப்பக்கம் 4 செ.மீ. தள்ளி, 8 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. முட்டை வடிவம் வரும் என்று நினைக்கும்போது நம் மனம் அச்சைத்தான் நடுவாக எடுத்துக்கொள்கிறது. பிசகு அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது இந்த நடுவிலிருந்து இரு பக்கமும் 4 செ.மீ. தள்ளி வெட்டின் அகலத்தை அளப்போம். மேல்பக்கம் 4 செ.மீ. வந்தால் அச்சின் மேலேயே இருக்கிறோம். ஆழம் 6, ஆரம் 6. வெட்டு அந்த வட்டத்தின் மையம் வழியாகவே போவதால் பாதி அகலம் முழு ஆரம், 6 செ.மீ. கீழ்ப்பக்கம் 4 செ.மீ. போனால் அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி, 10 செ.மீ. ஆழத்தில் இருக்கிறோம். அங்கே வட்டம் பெரிது, ஆரம் 10. ஆனால் வெட்டு அந்த வட்டத்தை மையத்தில் கடக்கவில்லை, 8 செ.மீ. ஒதுங்கிக் கடக்கிறது. பிதாகரஸ் தேற்றப்படி 100இலிருந்து 64ஐக் கழித்தால் 36. பாதி அகலம் இங்கேயும் 6 செ.மீ.தான்.

கீழே கூம்பு அகலமாவது உண்மை. ஆனால் அதே நேரம் வெட்டு அச்சைவிட்டு விலகி, பெரிய வட்டத்தின் ஓரத்தைத்தான் நறுக்குகிறது. ஒன்று கொடுப்பதை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. 4 செ.மீ.க்கு மட்டும் இப்படி அமைந்ததா என்றால், இல்லை. நடுவிலிருந்து d தூரம் கிடைமட்டமாக நகர்ந்தால் ஆரம் 8 + d/2, விலகல் 4 + d. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்தால் முதலில் ஒரு 8d கூடும், அடுத்து அதே 8d கழியும். பாதி அகலத்தை y என்றால் மிஞ்சுவது:

y² = 48 − ¾d²

இதில் d தனியாக இல்லை, அதன் வர்க்கம் மட்டுமே இருக்கிறது. எனவே மேல்பக்கம் போனாலும் கீழ்ப்பக்கம் போனாலும் விடை ஒன்றே. முட்டைக்கு இடமில்லை. கிடைமட்டத் தூரத்துக்குப் பதில் வெட்டின் மேலேயே அளந்தால் எல்லா நீளமும் ஒரே விகிதத்தில் கூடும், அவ்வளவுதான், சமச்சீர் கலையாது.

இதே கூம்பில், அச்சை அதே இடத்தில் கடக்கவிட்டு, வெட்டை மட்டும் இன்னும் சாய்ப்போம். 1 செ.மீ. நகர்ந்தால் 1 செ.மீ. இறங்கட்டும். வலப்பக்கம் 9 செ.மீ. போனால் ஆழம் 15, ஆரம் 15. வெட்டுக்கும் கூம்பின் வலப்பக்கத்துக்கும் இன்னும் 6 செ.மீ. இருக்கிறது. 100 செ.மீ. போனால் ஆரம் 106, இடைவெளி அதே 6. எவ்வளவு தூரம் போனாலும் அந்த 6 செ.மீ. குறையவே குறையாது. ஆனால் அகலம் கூடிக்கொண்டிருக்கும். 9 செ.மீ. தூரத்தில் 225இலிருந்து 81 போக 144, பாதி அகலம் 12. பாதி அகலம் 24 ஆக வேண்டுமானால் 45 செ.மீ. போக வேண்டும். அகலம் கூடும் வேகம் தளர்ந்துகொண்டே வருகிறது, நிற்பதில்லை. பரவளையத்தின் இரு கைகளும் இப்படித்தான், போகப் போக ஏறத்தாழ ஒரே திசையை நோக்கித் திரும்பிக்கொள்ளும்.

அதைவிடச் சாய்த்து, 1 செ.மீ.க்கு 2 செ.மீ. இறங்கவிட்டால், 9 செ.மீ. தூரத்தில் ஆரம் 24 ஆகிவிடும், இடைவெளி 15. போகப் போக இடைவெளி விரிகிறது. இந்த வளைவின் கைகள் ஒரே திசைக்குத் திரும்பாமல், விரிந்த இரண்டு நேர்கோடுகளை ஒட்டி ஓடும். இடப்பக்கம் இன்னொன்று நடக்கிறது. வெட்டு 2 செ.மீ. தள்ளிக் கூம்பைவிட்டு வெளியே வந்து, மேலே ஏறிக்கொண்டே போகிறது. கணக்கில் கூம்பு உச்சியோடு முடிவதில்லை. பக்கக் கோடுகள் உச்சியைத் தாண்டி நீண்டு, தலைகீழாக இன்னொரு கூம்பாக விரியும். அச்சுக்கு இடப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கு மேலே 6 செ.மீ. என்ற இடத்தில் நம் வெட்டு அந்த மேல்கூம்புக்குள் நுழைகிறது. அதிபரவளையத்துக்கு ஒன்றையொன்று தொடாத இரண்டு துண்டுகள் இருப்பதன் காரணம் இதுதான். பரவளையத்தை வெட்டிய தளம் இடப்பக்கம் மேல்கூம்பின் பக்கத்துக்கும் இணையாகவே ஏறிப்போவதால் அதைத் தொடுவதில்லை.

மரக்கூம்பை வெட்டித்தான் இவற்றைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. வெயிலில் நட்ட ஒரு குச்சி நாள் முழுக்க ஒரு கூம்பை வெட்டிக்கொண்டிருக்கிறது. சூரியன் ஒரு நாளில் வானத்தைச் சுற்றி வருவது துருவ நட்சத்திரத்தை நோக்கிய அச்சைச் சுற்றி. சூரியனிலிருந்து குச்சியின் நுனியைத் தொட்டுத் தரைக்கு வரும் கதிர் அந்த அச்சைச் சுற்றிச் சுழலும்போது ஒரு கூம்பு உருவாகிறது. உச்சி, குச்சியின் நுனி. வெட்டும் தளம், நாம் நிற்கும் தரை. நுனியின் நிழல் தரையில் வரையும் கோடுதான் வெட்டுவளைவு. ஜூன் 21ஐ ஒட்டி இந்தக் கூம்பின் பக்கம் அச்சோடு 66.6 பாகை விரிந்திருக்கும். தரை அந்த அச்சோடு எவ்வளவு கோணத்தில் இருக்கிறது என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் 13 பாகை. தரை அச்சோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கிடக்கிறது, கூம்பின் பக்கத்தைவிட மிக நெருக்கமாக. எனவே சென்னையில் குச்சியின் நிழல் வரைவது அதிபரவளையம். அதன் ஒரு துண்டைத்தான் பகலில் பார்க்கிறோம். இன்னொரு துண்டு சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் இரவு நேரத்துக்கு உரியது, அது நிழலாக விழுவதில்லை.

மொட்டைமாடியில் சமதளமான இடத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டு, அரை மணிக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் வளைவு தெரிந்துவிடும். சென்னையில் ஜூன் 21 உச்சிவேளையில் நுனி குச்சிக்குத் தெற்கே 18 செ.மீ.யில் இருக்கும், காலையும் மாலையும் கைகள் தெற்கு நோக்கி விரியும். டிசம்பர் 22இல் வடக்கே 74 செ.மீ., கைகள் வடக்கு நோக்கி விரியும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களில் கூம்பு முழுதாக விரிந்து தட்டையாகிவிடுவதால், குச்சிக்கு வடக்கே 23 செ.மீ. தள்ளிக் கிழக்கு மேற்காக நேர்கோடு ஓடும். நுனியின் நிழல் கூர்மையாக விழாது, ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலம் உள்ள வட்டு. உச்சிவேளையிலேயே ஏறக்குறைய 1 செ.மீ. மங்கல் இருக்கும், மாலையில் அது இன்னும் பரவும். குச்சி நுனியில் ஒரு மணியைக் கோத்து, அதன் நிழலின் நடுவைக் குறித்தால் புள்ளிகள் வளைவைவிட்டு அலையாது.

இப்போது ஊரை மாற்றுவோம். வடக்கே போகப் போகத் தரை அச்சைவிட்டு நிமிர்ந்துகொண்டே வரும். நார்வேயின் ட்ரோம்சோ நகரம் 69.6 பாகையில் இருக்கிறது. அது 66.6ஐவிட அதிகம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. காற்று ஒளியை வளைப்பதையும் சுற்றியுள்ள மலைகளையும் கணக்கில் எடுக்காவிட்டால், அதே 1 மீட்டர் குச்சியின் நிழல் நண்பகலில் வடக்கே 1 மீட்டருக்குச் சற்று மேல், நள்ளிரவில் தெற்கே 18 மீட்டருக்கு மேல். நிழல் நுனி 24 மணி நேரத்தில் ஒரு முழு நீள்வட்டத்தைச் சுற்றி முடிக்கிறது, குச்சி அதன் ஒரு முனைக்கு அருகே நிற்கிறது. வெட்டு கூம்பின் மறுபக்கத்தை எட்டுவதும், சூரியன் அன்று மறையாமல் இருப்பதும் ஒரே விஷயம்தான். வட துருவத்தில் தரை அச்சுக்குச் செங்குத்து. நிழல் நுனி 2.3 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடும்.

நீள்வட்டத்துக்கும் அதிபரவளையத்துக்கும் இடையில் பரவளையம் எங்கே? சரியாக 66.6 பாகையில், ஆர்க்டிக் வட்டத்தின் மேல், ஜூன் 21 அன்று. நள்ளிரவில் சூரியன் அடிவானத்தைத் தொட்டு, மறையாமலே மேலே ஏறத் தொடங்கும். அந்த நொடியில் நிழல் முடிவில்லாமல் நீளும். கணக்கு சொல்வது இது. ஆனால் அடிவானத்துக்கு அருகே காற்று சூரியனை அரைப் பாகைக்கும் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிக் காட்டுவதால், அங்கே நிற்பவருக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும், நிழல் வளைவும் மூடிக்கொள்ளும். மற்ற மூன்று வளைவுகளுக்கும் சாய்வில் தாராளமான இடம் இருக்கிறது அல்லது தரையைப் படுக்கையாக வைப்பது போன்ற எளிய வழி இருக்கிறது. பரவளையத்துக்கு ஒரே ஒரு சாய்வுதான். அதிலிருந்து மயிரிழை இந்தப் பக்கம் நகர்ந்தால் மிக நீண்ட நீள்வட்டம், அந்தப் பக்கம் நகர்ந்தால் மெதுவாக விரியும் அதிபரவளையம். வெட்டிய துண்டு சிறிதாக இருந்தால் மூன்றையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. கூம்பை நீளமாக விட்டு, வெட்டுக்கும் பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து, இரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் வழி.